பேச்சுக் கொடுத்தல்: வெயிலைப் பற்றிய ஒரு வரி மொழிமாறும்போது

பேருந்துக்காக இருவர் காத்திருக்கிறார்கள். இருவருக்கும் முன்பின் அறிமுகம் இல்லை. ஒருவர் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்ன வெயில்!" என்கிறார். மற்றவர் தலைமீதும் அதே வெயில்தான் காய்கிறது; அவர் நெற்றியிலும் வியர்வை வழிகிறது. ஆகவே அந்த வரி அவருக்குப் புதிய செய்தி எதையும் தரவில்லை. இருந்தும் அவர் திரும்பிப் பார்த்து, "ஆமாங்க" என்கிறார். இந்த இரண்டு சிறு வரிகளுக்கு முன் அவர்கள் ஒரே இடத்தில் நின்ற இரண்டு தனி ஆட்கள். இப்போது பேசிக்கொள்ளக் கூடியவர்கள்.

இச்செயலுக்குத் தமிழில் ஏற்கெனவே ஓர் அழகான பெயர் உண்டு: பேச்சுக் கொடுத்தல். செய்தி சொல்வது வேறு, பேச்சுக் கொடுப்பது வேறு. "அவரிடம் பேச்சுக் கொடுத்துப் பார்" என்று சொன்னால், எதைப் பற்றிப் பேச வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. பேச்சின் பொருள் அங்கே இரண்டாம்பட்சம். ஒருவர் நீட்டுவதை மற்றவர் வாங்கிக்கொள்கிறாரா என்பதே முதன்மை.

மொழியியலில் இதைத் தனியே பிரித்துக் காட்டியவர் போலந்தில் பிறந்த மானிடவியலாளர் பிரோனிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி. அவர் பசிபிக் பெருங்கடலில் உள்ள டிரோபிரியாண்ட் தீவுகளில் அங்குள்ள மக்களோடு தங்கி ஆய்வு செய்தவர். 1923இல் வெளிவந்த ஒரு கட்டுரையில், நலம் விசாரிப்பதும், வானிலையைச் சொல்வதும், கண்முன் வெளிப்படையாகத் தெரிவதையே எடுத்துச் சொல்வதும் தகவல் தருவதற்காக நிகழ்பவை அல்ல, மனிதர்களுக்கிடையே ஒரு பிணைப்பை உண்டாக்குவதற்காக நிகழ்பவை என்று அவர் விளக்கினார். இதற்கு அவர் வைத்த பெயர் 'ஃபாட்டிக் கம்யூனியன்' என்பது. பேச்சின் வழியே கூடியிருத்தல் என்று அதைப் புரிந்துகொள்ளலாம். இக்கட்டுரையில் நான் அதை உறவுப் பேச்சு என்றே குறிப்பிடுகிறேன்.

மாலினோவ்ஸ்கிக்கு நெடுங்காலம் முன்பே, 1758இல், சாமுவேல் ஜான்சன் என்ற ஆங்கிலக் கட்டுரையாளர் தம் நாட்டவரிடம் இதைக் கவனித்திருக்கிறார். இரண்டு ஆங்கிலேயர்கள் சந்தித்தால் முதல் பேச்சு வானிலையைப் பற்றியதாகவே இருக்கும் என்றும், இருவருக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டியதையே ஒருவருக்கொருவர் அவசரமாகச் சொல்லிக்கொள்கிறார்கள் என்றும் அவர் எழுதினார். தெரிந்ததையே சொல்வது என்ற அந்தக் கூறுதான் உறவுப் பேச்சின் உயிர்நாடி. மொழிபெயர்ப்பில் முதலில் காணாமல் போவதும் அதுவே.

அது எவ்வாறு காணாமல் போகிறது என்பதை ஓர் உரையாடலைக் கொண்டு பார்ப்போம். ஆங்கிலக் கதை ஒன்றில் பூங்கா இருக்கையில் அமர்ந்திருக்கும் இருவர் பேசிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். முதலாமவர், "ஹாட், இஸன்ட் இட்?" என்கிறார். இரண்டாமவர், "யெஸ், இஸன்ட் இட்? பாய்லிங்" என்கிறார். முதலாமவர், "தே சே இட்'ல் லாஸ்ட் டில் ஃப்ரைடே" என்கிறார். இரண்டாமவர், "ஆ வெல், மஸ்ட்'ன்ட் கிரம்பிள்" என்று முடிக்கிறார்.

சொல்லுக்குச் சொல் வைத்தால் தமிழில் கிடைப்பது இது: "வெப்பமாக இருக்கிறது, இல்லையா?" "ஆம், இல்லையா? கொதிக்கிறது." "இது வெள்ளிக்கிழமை வரை நீடிக்கும் என்று அவர்கள் சொல்கிறார்கள்." "ஆ, சரி, நாம் முணுமுணுக்கக் கூடாது."

இதில் அகராதிப்படி பிழையான சொல் ஒன்றும் இல்லை. ஆனால் படிப்பவருக்கு ஒவ்வொரு வரியிலும் கால் இடறும். முதல் வரியில் உள்ள 'இல்லையா?' தமிழில் உண்மையான கேள்வியின் சாயலை எடுத்துக்கொள்கிறது. பேசுபவர் வெப்பத்தைப் பற்றி ஐயப்பட்டு உறுதி கேட்பதுபோலப் படுகிறது. இரண்டாம் வரியின் 'ஆம், இல்லையா?' என்பதற்குப் பொருளே இல்லை. ஒத்துக்கொண்டவர் உடனே ஏன் திருப்பிக் கேட்கிறார்? மூன்றாம் வரியில் 'அவர்கள்' யார் என்று தேட வேண்டியிருக்கிறது. நான்காம் வரியோ ஒருவர் மற்றவரைக் கண்டிப்பதாக மாறிவிடுகிறது. இணக்கமாக உட்கார்ந்திருந்த இருவரிடையே தமிழில் ஒரு சிறு பிணக்கு முளைத்துவிட்டது.

ஒவ்வொரு வரியும் ஆங்கிலத்தில் என்ன வேலை செய்கிறது என்று கேட்டால் வழி பிறக்கும். வாக்கியத்தின் வாலில் வரும் அந்தக் குட்டிக் கேள்வி, பந்தை எதிராளியின் பக்கம் உருட்டிவிடுவதற்காக வருகிறது. அதற்கு வரக்கூடிய விடை ஒன்றே ஒன்றுதான்: ஒப்புதல். இங்கிலாந்து மக்களின் நடத்தையைக் கூர்ந்து எழுதிய மானிடவியலாளர் கேட் ஃபாக்ஸ், வானிலைப் பேச்சில் ஒத்துக்கொள்வது அங்கே ஒரு விதி போலவே இயங்குகிறது என்கிறார். குளிராக இருக்கிறது என்று ஒருவர் சொல்லும்போது, இல்லையே, இதமாகத்தானே இருக்கிறது என்று மறுப்பது அங்கே வெப்பநிலையைப் பற்றிய கருத்து வேறுபாடாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை; நீட்டிய கையைப் பற்றாமல் விட்டதாகவே எடுத்துக்கொள்ளப்படுகிறது. இரண்டாமவர் அதே குட்டிக் கேள்வியைத் திருப்பிச் சொல்வது, 'பெற்றுக்கொண்டேன், இதோ திருப்பித் தருகிறேன்' என்பதற்கு நிகர்.

தமிழில் இவ்வேலையைச் செய்வது வியப்பு வாக்கியம். "என்ன வெயில்!" என்பதில் கேள்விச் சொல் இருந்தும் கேள்வி இல்லை, அது ஒத்துக்கொள்ளும்படி எதிராளியை மென்மையாக அழைக்கிறது. பேச்சுத் தமிழில் "வெயில் ஜாஸ்தியா இருக்குல்ல?" என்ற வடிவமும் உண்டு. இந்த 'ல்ல' ஆங்கிலத்தின் வாலுக்கு மிக நெருங்கியது. ஆனால் எழுத்துநடையில் அதை 'அல்லவா' என்று நிமிர்த்திவிட்டால் நெருக்கம் போய் மேடைப் பேச்சின் தொனி வந்துவிடும். எனவே உரையாடலைச் செந்தமிழில் எழுதுபவர் வாலை மொழிபெயர்க்க முயலாமல் வியப்பு வாக்கியத்துக்கு மாறிவிடுவது நல்லது என்பது என் கருத்து.

இரண்டாம் வரிக்கு "அதை ஏன் கேட்கிறீர்கள்!" என்ற தொடர் மொழிபெயர்ப்பாளரின் நாவில் உடனே வரும். தமிழ் மணம் வீசும் தொடர்தான். ஆயினும் இங்கே அது பொருந்தாது. அந்தத் தொடர் நீண்ட முறையீட்டுக்கு முன்னுரை. அதைக் கேட்டவர் அடுத்து ஒரு துன்பக் கதையை எதிர்பார்ப்பார். ஆங்கிலத்திலோ பேச்சு ஒரு சொல்லில் முடிந்துவிடுகிறது. "ஆமாங்க, கொளுத்துது" என்பதே அளவில் பொருந்தும். மூன்றாம் வரியின் 'தே சே' என்பதற்குத் தமிழ் இலக்கணமே ஓர் உருபை வைத்திருக்கிறது. "வெள்ளிக்கிழமை வரைக்கும் இப்படித்தானாம்" என்பதில் வரும் அந்த 'ஆம்', யார் சொன்னார்கள் என்பதைச் சொல்லாமலேயே கேள்விப்பட்ட செய்தி என்பதைக் காட்டிவிடுகிறது. நான்காம் வரி கண்டிப்பதற்காகச் சொல்லப்பட்டதன்று. பேச்சைச் சுமுகமாக மூடுவதற்கு அங்கே வழங்கும் ஒரு வாய்பாடு. "சரி, என்ன செய்றது" என்று முடித்தால் கதவு அதே மென்மையோடு சாத்தப்படும்.

இவ்வாறு மாற்றியதில் சொற்கள் பெரும்பாலும் போய்விட்டன. ஆனால் அழைப்பு, ஒப்புதல், நீட்டிப்பு, முடிப்பு என்ற வரிசை அப்படியே இருக்கிறது. உறவுப் பேச்சில் மொழிபெயர்க்க வேண்டியது இந்த வரிசையைத்தான். மொழிபெயர்ப்பு சரியாக வந்திருக்கிறதா என்று அறிய நான் கையாளும் சோதனை எளியது. முதல் வரியை மட்டும் ஒருவரிடம் வாசித்துக்காட்டி, இதற்கு என்ன பதில் சொல்வீர்கள் என்று கேட்பேன். அவர் சிந்திக்காமல் "ஆமா" என்றால் வரி உயிரோடு இருக்கிறது. "எவ்வளவு?" என்றோ "ஏன், என்ன ஆயிற்று?" என்றோ கேட்டால் அது செய்தியாகவோ முறையீடாகவோ திரிந்துவிட்டது.

இனி, வெயில் நல்லதா கெட்டதா என்ற கேள்வி. ஆங்கிலத்தில் வெயிலைப் பற்றிய பேச்சில் பாதி மகிழ்ச்சியின் வெளிப்பாடு. மேகமும் குளிரும் மிகுந்த நாட்டில் சூரியன் தென்படுவது வரவேற்கத்தக்க நிகழ்ச்சி. ஆகவே 'லவ்லி சன்ஷைன்' என்று ஒருவர் பேச்சுக் கொடுக்கிறார். முன்பு நான் ஒரு கதையில் இதை "நல்ல வெயில்" என்று எழுதிவைத்தேன். கையெழுத்துப் படியைப் படித்த நண்பர், இவ்வளவு வெயிலில் இவர்கள் ஏன் சிரித்துக்கொண்டே நடக்கிறார்கள் என்று கேட்டபோதுதான் பிழை புலப்பட்டது. தமிழில் 'நல்ல வெயில்' என்றால் கடுமையான வெயில். 'நல்ல வெயிலில் அலைந்துவிட்டு வந்தான்' என்பதில் வரும் 'நல்ல' என்ற சொல் மிகுதியைக் குறிக்கிறது, நன்மையை அல்ல. ஆனால் 'நல்ல மழை' என்று சொல்லும்போது மிகுதி, நன்மை இரண்டும் சேர்ந்தே ஒலிக்கின்றன. ஒரே அடைமொழி வெயிலுக்கு முன் ஒரு முகமும் மழைக்கு முன் இன்னொரு முகமும் காட்டுகிறது.

இந்த வேறுபாடு வானிலையோடு நிற்பதில்லை. ஆங்கிலத்தில் அன்பான வரவேற்பு வெதுவெதுப்பானது, பாராமுகம் குளிர்ந்தது. தமிழிலோ மனம் குளிர்கிறது, கண் குளிரப் பார்க்கிறோம்; சினம்தான் கொதிக்கிறது, பொறாமைதான் எரிகிறது. எனவே மகிழ்ச்சிப் பொருளில் வரும் ஆங்கில வெயில் வரியைத் தமிழாக்கும்போது, வெப்பத்தைச் சொல்லும் சொல்லைவிட இன்பத்தைச் சொல்லும் சொல்லுக்கு முதலிடம் தர வேண்டும். "வெயில் இதமாக இருக்கிறது" என்றோ, "எத்தனை நாள் கழித்து வெளிச்சம்!" என்றோ எழுதினால் சிரிப்புக்குக் காரணம் கிடைத்துவிடும். ஒருவேளை கதையில் மாதமும் ஊரும் முன்பே சொல்லப்பட்டிருந்தால் இவ்வளவு உதவிகூடத் தேவைப்படாது.

எண்கள் வரும் இடத்தில் வேறு விதமான எச்சரிக்கை வேண்டும். பிரிட்டனின் வானிலை அலுவலகம், இடத்துக்கு ஏற்ப 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை வகுத்துள்ள எல்லையைப் பகல் வெப்பம் மூன்று நாள் தொடர்ந்து எட்டினால் அதை வெப்ப அலை என்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையோ சமவெளிப் பகுதியில் வெப்பம் குறைந்தது 40 டிகிரியை எட்டிய பிறகே வெப்ப அலையா என்று பார்க்கத் தொடங்குகிறது. ஆகவே ஆங்கிலக் கதைமாந்தர் ஒருவர், "28 டிகிரியாம், தாங்க முடியவில்லை" என்று சொன்னால், தமிழ் வாசகர் அவரை மிகைப்படுத்துபவர் என்றோ நோயாளி என்றோ நினைக்கக்கூடும். இங்கே எண்ணை 42 என்று மாற்றுவது பொய். அதை நான் ஏற்கமாட்டேன். எண்ணுக்குக் கதையில் வேறு வேலை இல்லையென்றால், அது உறவுப் பேச்சின் ஒரு பகுதியாக மட்டும் வந்திருந்தால், எண்ணை விட்டுவிட்டு "இந்த ஊருக்கு இது தாங்காத வெயில்" என்று எழுதலாம். எண்ணுக்கு வேலை இருந்தால் அதை அப்படியே வைத்து, அடைத்த சன்னல்கள், தடித்த சுவர்கள் போன்று கதையிலேயே உள்ள விவரங்களை நம்பலாம்.

ஜப்பானிய மொழிக்கு வந்தால் வெயில் பேச்சு இன்னொரு வடிவம் எடுக்கிறது. "அட்சுயி தெஸ் நே" என்பது அங்கே கோடையில் எங்கும் கேட்கும் வரி. 'அட்சுயி' என்றால் வெப்பமாக இருத்தல். 'தெஸ்' பணிவைத் தருவது. கடைசியில் உள்ள 'நே' என்ற ஓரசைச் சொல்தான் முழு வேலையையும் செய்கிறது. பேசுபவரும் கேட்பவரும் ஒன்றையே உணர்கிறார்கள் என்பதை அது காட்டுகிறது. 'நே'யை எடுத்துவிட்டு 'யோ' என்ற சொல்லை வைத்தால், கேட்பவருக்குத் தெரியாத ஒன்றை அறிவிப்பதாக வரி மாறிவிடும். குளிரூட்டிய அறைக்குள் இருப்பவரிடம், வெளியே வெப்பம் கடுமையாக இருக்கிறது என்று எச்சரிப்பவர் 'யோ'வைப் பயன்படுத்தலாம். அதே வெயிலில் அருகே நிற்பவரிடம் 'யோ' சொன்னால் பொருந்தாது. மாலினோவ்ஸ்கி ஒரு கட்டுரை முழுவதும் விளக்கிய வேறுபாட்டை ஜப்பானிய மொழி இரண்டு ஓரசைச் சொற்களில் வைத்திருக்கிறது. இதை முதன்முதலில் கற்றபோது எனக்கு உண்டான வியப்பு இன்றும் குறையவில்லை.

அம்மொழியில் வெயில் பேச்சு கடிதத்திலும் தனி இடம் பெற்றிருக்கிறது. கோடையின் உச்சத்தில் அனுப்பும் வாழ்த்து அட்டைக்கு 'ஷோச்சூ மிமாய்' என்று பெயர். ஆகஸ்ட் 7 அல்லது 8ஆம் நாள் வாக்கில் பழைய பருவக் கணக்குப்படி இலையுதிர்காலம் தொடங்கிவிடுகிறது. அதன்பின் அனுப்பும் அட்டை 'ஸன்ஷோ மிமாய்', அதாவது மிஞ்சி நிற்கும் வெப்பத்துக்கான விசாரிப்பு. கணக்கில் கோடை முடிந்தாலும் வெப்பம் முடிவதில்லை என்பதால்தான் இப்பெயர். இதில் 'மிமாய்' என்ற சொல், நோயுற்றவரைச் சென்று பார்ப்பதற்கும் வழங்குவது. ஆகவே "மிஞ்சிய வெப்பத்தை விசாரிக்கிறேன்" என்று தமிழாக்கினால் வெப்பத்தை நலம் விசாரிப்பதாக ஆகிவிடும். "வெப்ப வாழ்த்துகள்" என்றால் கொடுமை. "வெயில் இன்னும் தணியவில்லை, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்பதே அந்த அட்டை சொல்ல வருவது. ஆங்கிலப் பூங்கா உரையாடலில் வெயில், அந்நியர் இருவரை இணைக்கும் பொதுப்பொருள். இந்த அட்டையில் அது ஏற்கெனவே அறிந்த ஒருவரின் உடல்நலத்தை நினைத்துக்கொள்வதற்கான காரணம்.

தமிழ்ப் பேச்சு இந்த இரண்டாவது வகைக்கு நெருக்கமானது என்று எனக்குத் தோன்றுகிறது. ஜான் லேவர் என்ற பிரிட்டிஷ் மொழியியலாளர் 1975இல் உறவுப் பேச்சின் வரிகளை மூன்றாகப் பிரித்தார்: சூழலைச் சுட்டுபவை, சொல்பவரைச் சுட்டுபவை, கேட்பவரைச் சுட்டுபவை. 'வெயில் கொளுத்துது' என்பது முதல் வகை. 'எனக்கு வேர்த்துக் கொட்டுது' என்பது இரண்டாம் வகை. 'வெயில்ல வந்திருக்கீங்களே' என்பது மூன்றாம் வகை. அந்நியரிடையே நாமும் முதல் வகையையே எடுக்கிறோம். ஆனால் தெரிந்தவர் வாசலில் வந்து நின்றால், தமிழில் பெரும்பாலும் வருவது மூன்றாம் வகை. "இந்த வெயில்லயா வந்தீங்க, உக்காருங்க" என்பதில் வெயில் என்ற சொல் இருந்தாலும், பேச்சின் கண் வானத்தைப் பார்ப்பதில்லை. வந்தவரின் முகத்தைப் பார்க்கிறது.

இதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது பிழை எதிர்த்திசையில் நேர்கிறது. 'இந்த வெயிலிலா வந்தீர்கள்?' என்பதைக் கேள்வியாகவே பெயர்த்தால், வந்திருக்கக் கூடாது என்று குறை சொல்வதாக ஆங்கில வாசகர் எடுத்துக்கொள்வார். பதிலுக்கு அந்த விருந்தினர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுகூட அவர் எதிர்பார்ப்பார். தமிழில் அந்தக் கேள்விக்குப் பதிலே தேவையில்லை. "பரவாயில்லை" என்று சொல்லி உட்கார்ந்தால் போதும். 'களைத்துப்போயிருப்பீர்கள், நிழலுக்கு வாருங்கள்' என்ற கருத்தைத் தரும் ஆங்கில வரியே அங்கே வேலை செய்யும்.

எச்சரிக்கை ஒன்று இங்கே தேவை. வெயிலைப் பற்றிய எல்லா வரியும் உறவுப் பேச்சு அன்று. அடைத்த அறைக்குள் சன்னலருகே அமர்ந்திருப்பவரிடம் ஒருவர், "புழுக்கமாக இருக்கிறது" என்றால், சன்னலைத் திறக்கச் சொல்கிறார் என்பதே பெரும்பாலும் பொருள். கேட்பவரால் நிலைமையை மாற்ற முடியுமா என்று பார்த்தால் இது பிடிபடும்: வானத்து வெயிலை யாராலும் குறைக்க முடியாது, அறையின் புழுக்கத்தைக் குறைக்க முடியும். அத்தகைய வரிக்கு "ஆமா" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால், அது ஒப்புதல் ஆகாது, மறுப்பாகவே ஆகிவிடும்.

மழையைப் பற்றிய பேச்சும் அப்படியே. தொலைபேசியில் தமிழர் ஒருவர், "உங்க பக்கம் மழை உண்டா?" என்று கேட்பது கேட்பதற்கு வானிலைப் பேச்சுப் போலவே இருக்கும். ஆனால் இருவரும் வேறு வேறு ஊரில் இருக்கிறார்கள். விடை கேட்பவருக்குத் தெரியாது. மழையை நம்பி விதைத்தவர் வீட்டில் அந்த விடைக்குக் கனம் அதிகம். இது உண்மையான கேள்வி, அதே சமயம் நலவிசாரிப்பும்கூட. ஆங்கிலப் பூங்காவின் குட்டிக் கேள்வியைப் போல இதையும் வெறும் வாலாகக் கருதி ஒரு மொழிபெயர்ப்பாளர் சுருக்கிவிட்டால், அடுத்த வரியில் எதிர்முனையிலிருந்து, "ரெண்டு வாரமா ஒரு பொட்டுகூட இல்லை" என்று வரும் பதிலின் துயரம் வாசகருக்கு எட்டாமலே போய்விடும்.